ஒரு குட்டை ஒயர் என்னை ஏமாற்றிய கதை

வணக்கம். லண்டனிலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. தொண்டை கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று சமையல் இல்லை. ஒரு ஒயரைப் பற்றித்தான் பேசப்போகிறேன், அவ்வளவு கோபம்.

போன வீடியோவில் பாப்பாவின் மஞ்சள் ஹெட்போனைக் காட்டினேன் அல்லவா? 85 டெசிபலுக்கு மேல் போகாது என்று பெட்டியில் போட்டிருந்ததால் வாங்கியது. விமானம் ஏறி அரை மணி நேரத்தில், "அம்மா, கேட்கவே இல்லை" என்று ஆரம்பித்துவிட்டாள். எப்படிக் கேட்கும்? கேபின் இரைச்சலே 80 டெசிபல் அளவுக்கு இருக்கும். எங்கள் இருக்கை வேறு இறக்கைக்குப் பின்னால். அந்த ஹெட்போனோ காதின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் ரகம், வெளிச்சத்தத்தை மறைக்காது.

ஒயரும் குட்டை, திரை வரை எட்டவில்லை. என் பையில் கிடந்த நீள ஒயரை மாட்டினேன். "இப்போது கேட்கிறது!" என்று குதித்தாள். எனக்கும் ஒரே பெருமை. ஏதோ சந்தேகத்தில் என் காதில் வைத்துப் பார்த்தேன், அலறியது! ஒலியைக் கட்டுப்படுத்தும் பாகம் சில ஹெட்போன்களில் ஒயருக்குள்தான் இருக்கிறதாம். ஒயரை மாற்றினால் 85 எல்லாம் வெறும் எழுத்து. இதைப் பெட்டியின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், எங்கள் இருக்கையில் ஹெட்போன் செருகும் இடம் இரட்டை முள் துளை. 120 ரூபாய் அடாப்டரை வீணாக வாங்கியதாக இவர் கிண்டல் செய்தாரே, அதுதான் காப்பாற்றியது. அது இல்லாவிட்டால் ஒரு காதில்தான் ஒலி வந்திருக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிறகு இவருடைய நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனைப் பட்டையைக் குறுக்கி அவளுக்கு மாட்டினேன். அதில் ஒலிக்கட்டுப்பாடு கிடையாது, அதனால் திரையின் ஒலியளவை நானே மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தினேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. இன்ஜினின் தாழ்ந்த "ஹூம்" சத்தத்தை மைக் பிடித்து, அதற்கு எதிரான அலையை உள்ளே விட்டு அமுக்கிவிடுகிறது. மாறாமல் ஒலிக்கும் தாழ்ந்த சத்தத்தில்தான் அது கெட்டிக்காரத்தனம். முன்வரிசைக் கைக்குழந்தை வீறிட்டபோது பாவம், ஒன்றும் செய்யவில்லை.

அதற்குப் பழைய பாணிதான் சரி: தொழிற்சாலைக்காரர்கள் போடுவது போன்ற, மின்சாரமே இல்லாத காதுக்கவசத்தின் சிறுவர் அளவு. உயர்ந்த சுருதிச் சத்தத்தை அது நன்றாகவே மறைக்கிறது. தூங்க வைக்க அதைத்தான் போட்டேன். ஆனால் பக்கவாட்டில் சாய்ந்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இடுக்கு விழும், அதோடு எல்லாம் போச்சு. கழுத்துத் தலையணை வைத்து நேராகச் சாய்க்க வேண்டியிருந்தது.

இறங்கும்போது காது வலி என்று அழுதாள். அது அழுத்தத்தால் வருவது, எந்தக் கவசமும் தடுக்காது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தண்ணீரை உறிஞ்சுகுழலில் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தேன். இரண்டு மடக்கில் அழுகை நின்றது.