மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது

வணக்கமுங்க. கோயம்புத்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் தரக்கட்டுப்பாட்டு லேபில் ரொம்ப வருஷம் இருந்தவன் நான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது மேஜையின் அந்தப் பக்கம் மூன்று பேரில் ஒருவனாக உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தாராபுரம் பக்கத்துப் பையன் ஒருவன். டெக்ஸ்டைல் டிப்ளமோ, ஒரு வருஷ அனுபவம். எதிரே பர்சனல் ஆபீசர், உற்பத்தி மேனேஜர், நான். மேனேஜர் கேட்டார், "நாற்பதாம் நம்பர் நூல் ஓடுது, கவுண்ட் தப்புதுன்னா என்ன பண்ணுவீங்க?" பையன் நன்றாகத்தான் ஆரம்பித்தான், 120 கஜம் நூலை ஒரு லீயாகச் சுற்றி எடை போடுவேன், நாற்பதுக்கு 1.62 கிராம் வரணும், 1.70 வந்தால் நூல் தடித்து 38 பக்கம் போயிருக்கும் என்றான். எல்லாம் சரி. ஆனால் முழுப் பதிலையும் பர்சனல் ஆபீசரைப் பார்த்தே சொன்னான், அவர்தான் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து சிரித்துப் பேசியவர். கேள்வி கேட்ட மேனேஜர் பாதியிலேயே குனிந்து ஃபைலைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

பயத்தில் கண் சிரித்த முகத்துக்குத்தான் போகும், அது இயல்பு. அதனால் இதை முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும். கேட்டவரைப் பார்த்து ஆரம்பியுங்கள். நடுவில் பேச்சு யார் வேலையைத் தொடுகிறதோ அவர் பக்கம் திரும்புங்கள். லீ, எடை என்று சொல்லும்போது லேப்காரன் பக்கம், நூற்பு மெஷினைப் பார்த்துக்கொள்கிற சைடரிடம் எப்படிச் சொன்னேன் என்று வரும்போது பர்சனல் ஆபீசர் பக்கம், முடிக்கும்போது மறுபடி கேட்டவரிடம். கணக்குப் போட்டு மாற்றி மாற்றிப் பார்த்தால் ஃபேன் சுற்றுகிற மாதிரி இருக்கும். பேச்சு திரும்புகிற இடத்தில் முகமும் திரும்பினால் போதும். இன்னொன்று, நாற்காலி மேஜையை ஒட்டிக் கிடந்தால் இரண்டு ஓரத்தில் இருப்பவர்களும் கண்ணுக்கு அகப்பட மாட்டார்கள், கேட்டுக்கொண்டு ஒரு அடி பின்னால் தள்ளி உட்காருங்கள்.

அப்புறம் நான் அவனைக் கேட்டேன், "நூல் சுற்றின காப்ஸ் எத்தனையில் எடுத்துப் பார்த்தீங்க?" அவன் மறுபடி முதலில் இருந்து, 120 கஜம் லீ சுற்றி என்று தொடங்கினான். "நாங்க எடுப்போம், நாங்க பார்ப்போம்" என்றே போனது. முதல் பதிலில் ஒரு ஓட்டை தெரிந்ததால்தான் இரண்டாவது கேள்வி வருகிறது. அந்த ஓட்டையை மட்டும் அடைத்தால் போதும். நான் தெரிந்துகொள்ள நினைத்தது, இவன் கையால் செய்தானா, பக்கத்தில் நின்று பார்த்தானா என்பதைத்தான். "நான் ஒரு நூற்பு ஃபிரேமில் பத்து காப்ஸ் எடுத்தேனுங்க, ரெண்டில் மட்டும்தான் தடித்து வந்தது, அதனால் டிராஃப்ட் பினியன் பல்சக்கரத்தைத் தொடவில்லை, அந்த ரெண்டு ஸ்பிண்டிலுக்கு மேலே தொங்குற, நூலாகுறதுக்கு முந்தின ரோவிங்கை எடை போட்டேன்" என்று சொல்லியிருந்தால் எனக்கு அடுத்த கேள்வியே இருந்திருக்காது. பத்துமே தடித்திருந்தால் கதை வேறு, அப்போது டிராஃப்ட் பல்சக்கரத்தையோ மொத்த ரோவிங்கையோ பார்க்க வேண்டும். அந்த "அதனால்" இருக்கிறதே, அதைக் கேட்கத்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

கஷ்டமான இடம் இனிமேல்தான். "ஃபிரேமை நிறுத்தினீங்களா?" என்று நான் கேட்க, பையன் வாய் திறக்கும் முன் மேனேஜர், "நிறுத்தினா உற்பத்தி போயிருமே" என்றார். பையன் என்னை விட்டு அவர் பக்கம் சாய்ந்து, "நிறுத்த வேண்டாமுங்க" என்றான். நான் திரும்ப நோக்கவும், "நிறுத்தலாமுங்க" என்றான். இரண்டு பேரிடமும் போச்சு. இந்த மாதிரி நேரத்தில் ஆளைப் பார்த்துப் பதிலை மாற்றாதீர்கள், எந்த நிலைமையில் எது என்று பிரித்துச் சொல்லுங்கள். கடைசியாகப் பேசிய மேனேஜரைப் பார்த்து, "ரெண்டு ஸ்பிண்டில்தான்னா அதுல மட்டும் இழையை அறுத்து விட்டுட்டு ஃபிரேம் ஓடட்டுமுங்க" என்றும், என் பக்கம் திரும்பி, "பத்தும் அப்படி வந்தா நிறுத்தித்தான் ஆகணுமுங்க" என்றும் சொன்னால் இரண்டு பேருக்கும் பதில் கிடைத்துவிடும். ஒருவருக்குப் பதில் சொல்லும்போதே இன்னொருவர் குறுக்கே கேட்டால், "இதை முடிச்சிட்டு உங்க கேள்விக்கு வர்றேனுங்க" என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மறக்காமல் வர வேண்டும், கேட்டவர் காத்திருப்பார்.

அதே பையன் ஒன்றை நன்றாகச் செய்தான். டாப் ரோலர் ரப்பரை எப்போது பஃபிங் செய்வீர்கள் என்று மேனேஜர் கேட்டார். இந்தத் தடவை அவரையே நேராகப் பார்த்து, "அது மெயின்டனன்ஸ் பார்த்ததுங்க, நான் செஞ்சதில்லை, இழை அடிக்கடி அறுபடுற ஸ்பிண்டில் நம்பரைக் குறிச்சு அவங்களுக்குக் கொடுக்கிற வரைக்கும்தான் என் வேலை" என்றான். மேனேஜர் ஃபைலை மூடி வைத்துவிட்டு, அந்த நம்பரை எந்த நோட்டில் எழுதுவீங்க, ஷிப்டுக்கு எத்தனை தடவை சுற்றி வருவீங்க என்று நிதானமாகக் கேட்க ஆரம்பித்தார்.