சாட்சியும் சாதிச் சான்றிதழும்

(சமூக அறிவியல் ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். இறை நம்பிக்கை உள்ளவர்களை நேர்காணும்போது என்னென்ன அறம் பேண வேண்டும் என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண். சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். உங்கள் ஆய்வுக்கு அவருடைய அனுபவம் வேண்டும்.

அவருக்கு எதனால் ஆபத்து என்று முதலில் பார்த்துவிடுவோம். 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, மூன்றாம் பத்தியில், பொதுவாக இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. மதம் மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். மகனின் கல்லூரி இடம், மகளின் அரசு வேலை, ஊராட்சியில் தனித் தொகுதியில் போட்டியிடும் உரிமை எல்லாம் அந்தச் சான்றிதழில்தான் நிற்கின்றன. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் தர மறுத்தபோது, ஞானஸ்நானத்தோடு, அவர் தவறாமல் ஆலயத்துக்குப் போய்வந்ததையும் கணக்கில் எடுத்தது. நீங்கள் ஒலிப்பதிவில் கேட்கப்போகும் கேள்வியும் அதேதானே? “எத்தனை வருஷமா சபைக்குப் போறீங்க? ஞானஸ்நானம் எப்போ எடுத்தீங்க?”

இந்தச் சூழலில் ஒப்புதல் படிவமே ஆபத்தான காகிதமாகிவிடுகிறது. “இன்ன சபையின் விசுவாசியாகிய நான் சம்மதிக்கிறேன்” என்று பெயரெழுதிக் கையொப்பம் வாங்கினால், அவர் மதம் மாறியதற்கான எழுத்துச் சான்றை நீங்களே உண்டாக்கிவிட்டீர்கள். அமெரிக்க ஆய்வு விதிகள் இதை வெளிப்படையாகவே ஏற்கின்றன: பங்கேற்பவரை ஆய்வோடு இணைக்கும் ஒரே ஆவணம் அந்தக் கையொப்பம்தான், ரகசியம் வெளிப்படுவதே முதன்மையான ஆபத்து என்றால், கையொப்பத்தைத் தவிர்க்க அனுமதி உண்டு. நம்மூர் அறநெறிக் குழுவிடமும் இதே காரணத்தைச் சொல்லி, வாய்மொழி ஒப்புதலுக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். தகவல் தாளை வாசித்துக் காட்டி, தேதியையும் ஒரு குறியீட்டு எண்ணையும் எழுதி, நீங்கள் கையெழுத்திட்டால் போதும்.

பெயர் வெளியாக, பலரும் கவனிக்காத இன்னொரு வழியும் இருக்கிறது. பங்கேற்றவருக்கு 300 ரூபாய் கொடுத்தால் பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு பெயர், கையெழுத்து, சில சமயம் ஆதார் எண்ணும் கேட்கும். நேர்காணலில் மறைத்த பெயர் வவுச்சரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். களத்துக்குப் போகும் முன்பே, குறியீட்டு எண்ணுள்ள ரசீது போதும் என்று நிதி அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால் பணத்தைக் கைவிட்டுவிட்டு வேறு வகையில் நன்றி சொல்லுங்கள்.

அடுத்து, அதிகாரம். கையில் கோப்போடு வந்து சாதியும் மதமும் கேட்பவரை ஊர் அரசாங்கத்து ஆளாகத்தான் பார்க்கும். “ஏதாச்சும் திட்டம் வருதாங்க?” என்று கேட்டால், நீங்கள் விளக்கியது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். திட்டம் எதுவும் வராது, மறுத்தால் எதுவும் கெடாது, எந்த அலுவலகத்துக்கும் இதில் தொடர்பில்லை என்று அங்கேயே நிறுத்தித் திரும்பச் சொல்லுங்கள்.

உங்களைவிடப் பெரிய அதிகாரம் போதகருடையது. பெரும்பாலான ஆய்வுகள் அவர் வழியாகத்தான் நுழைகின்றன. “ஐயாகிட்ட மறுக்க முடியல” என்று வந்து உட்கார்ந்தவர் உங்களுக்குச் சம்மதம் தரவில்லை, போதகருக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார். கேள்விக்குக் கேள்வி “எல்லாம் கர்த்தர் கிருபை” என்ற பதில் மட்டும் வருவது, பதில் சொல்லும் முன் கணவர் முகத்தைப் பார்ப்பது, “நீங்களே எழுதிக்குங்க” என்பது, இவையெல்லாம் விருப்பமின்மையின் அடையாளங்கள். கேள்வியை மாற்றிக் கேட்டு இதைச் சரிசெய்ய முடியாது. நேர்காணலை நிறுத்திவிட்டு எழுந்துவர வேண்டும். போதகரிடம் பொது அறிவிப்பு மட்டும் கேளுங்கள். விருப்பமுள்ளவர் தாமாக உங்கள் எண்ணுக்கு அழைக்கட்டும். யார் பேசினார், யார் மறுத்தார் என்பதைப் போதகர் கேட்டாலும் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன் என்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

பேட்டி கொடுப்பவருக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. அவர் உங்களுக்கு ரட்சிப்பைச் சொல்ல வந்திருக்கிறார். “நீங்க ஏசுவ ஏத்துக்கிட்டீங்களா?” என்று கேட்பார். உங்கள் நிலையை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். விசுவாசிபோல நடித்துப் பெற்ற பேச்சு பொய்யின் மேல் பெற்ற சம்மதம். அதனால் ஆய்வும் கெடும். 1954இல் சிகாகோ பகுதியில், உலகைப் பெருவெள்ளம் அழிக்கும் என்று நம்பிய ஒரு சிறு குழுவுக்குள் சமூக உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரின் ஆய்வுக் குழுவினர் நம்பிக்கையாளராக வேடமிட்டு நுழைந்தார்கள். வெள்ளத்தைக் கனவில் கண்டதாக ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் கட்டிச்சொன்ன கதையை அந்த நம்பிக்கையாளர்கள் மேலிருந்து வந்த அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். அளக்க வந்த நம்பிக்கையை ஆய்வாளர்களே வளர்த்துவிட்டார்கள்.

இனி பெயர் மறைப்பு. பெந்தெகொஸ்தே சபைகளில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். “சிறுநீரகம் ரெண்டும் போச்சுன்னு பெரியாஸ்பத்திரில கைவிட்டாங்க, உபவாச ஜெபத்துல சுகமாச்சு” என்று ஒருவர் சொல்லியிருந்தால், சபையில் அத்தனை பேருக்கும் அது யார் கதை என்று தெரியும். நீங்கள் ‘சாந்தி’ என்று பெயர் மாற்றி, ஊரையும் மாற்றி, அந்த வரிகளை மட்டும் அப்படியே அச்சிட்டால் எதையும் மறைக்கவில்லை. ஆய்வேடுகள் இன்று ‘சோத்கங்கா’ தளத்தில் எவரும் படிக்கும்படி கிடக்கின்றன. போதகரின் மகன் அதைத் திறந்தால், சபையைப் பற்றி அந்தப் பெண் அடுத்த பத்தியில் சொன்ன மனக்குறையும் அவர் கண்ணில் படும். வருவாய்த்துறைக்குப் புகார் எழுத நினைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பக்கம் போதும்.

என்ன செய்யலாம்? சாட்சியையும் மனக்குறையையும் ஒரே ஆளின் வாயில் வைக்காதீர்கள்; தொடர்பு தெரியாதபடி வெவ்வேறு இடங்களில், எண்கூட இல்லாமல் தாருங்கள். நோய் உங்கள் வாதத்துக்குத் தேவையில்லை என்றால் ‘கடும் நோய்’ என்றால் போதும். தேவை என்றால் மேற்கோளை விட்டுவிட்டு உங்கள் சொற்களில் சுருக்குங்கள். அச்சுக்குப் போகும் முன் அவரைப் பற்றிய பகுதியை அவரிடமே வாசித்துக் காட்டி, “இதை உங்கள் சபையில் யார் படித்தாலும் நீங்கள்தான் என்று தெரியுமா?” என்று கேளுங்கள். அதற்கு அவரைவிடச் சரியாகப் பதில் சொல்லக்கூடியவர் கிடையாது. இப்படிச் செய்தால் ஆய்வின் நயம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

கடைசியாக, என்ன வாக்குறுதி தருவது என்பது. “யாருக்கும் தெரியாது, நான் பொறுப்பு” என்று சொல்லக் கூடாது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசியதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளரிடம் பேசியதற்கு நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. நீதிமன்றமோ காவல்துறையோ முறைப்படி கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்தாக வேண்டும். அழைப்பாணை வந்த பிறகு அழிப்பது குற்றம். எனவே தேவையற்றதைச் சேர்க்காமல் இருப்பதும், ஒலிப்பதிவை எழுத்தாக்கிச் சரிபார்த்ததும், முன்பே அனுமதி பெற்ற கால அட்டவணைப்படி அழிப்பதும்தான் வழி. பெயர்–குறியீட்டுப் பட்டியலை முடிந்தால் உருவாக்கவே வேண்டாம். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதை இப்படிச் சொல்லலாம்: “உங்க பேரை எங்கயும் எழுத மாட்டேன். பேசினத எழுதி முடிச்சதும் பதிவை அழிச்சிடுவேன். கோர்ட்டுல கேட்டா என்கிட்ட இருக்கறதக் கொடுக்க வேண்டி வரும். அதனால ஞானஸ்நானம் எடுத்த தேதி, சான்றிதழ் விவரம் எதுவும் என்கிட்ட சொல்லாதீங்க. பேசினது வேணாம்னு தோணினா வர்ற தை மாசம் வரைக்கும் சொல்லுங்க, எடுத்துடறேன். அதுக்கப்புறம் புத்தகத்துக்குப் போயிடும், என்னால எடுக்க முடியாது.”