உரிமம் யார் பேரில்? கொடைக்கானல் கடை ஒன்றைப் பதிவேட்டில் தேடுவோம்

[திரையில்: வாட்ஸ்அப்பில் வந்த தொழில் உரிமத்தின் போட்டோ]

வணக்கம். ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கல்யாணத்துக்கு 400 டப்பா ஹோம்மேட் சாக்லேட் வேணும். கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் கடை வைத்திருப்பவர் முன்பணம் கேட்கிறார். நம்பிக்கைக்கு நகராட்சி உரிமத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.

உடனே போர்டில் உள்ள பெயரைத் தேடாதீங்க. தனி ஆள் நடத்தும் கடைக்குக் கம்பெனிப் பதிவு கிடையாது. கடையும் ஆளும் சட்டத்துக்கு ஒண்ணுதான். அதனால் பதிவேட்டில் தேட வேண்டியது உரிமையாளர் பெயரை. போனிலேயே கேளுங்க: "அண்ணே, லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?"

ஜிஎஸ்டி எண் இருந்தால் இன்னும் சுலபம். services.gst.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடைப் பெயரும் உரிமையாளர் பெயரும் தனித்தனியாக வரும். எண்ணின் தொடக்கத்தில் உள்ள இலக்கங்களையும் சேர்த்து எண்ணி, ஆறாவது இடத்தில் உள்ள எழுத்தைப் பாருங்க. P என்றால் அந்த எண்ணுக்குள் இருப்பது தனி நபரின் பான். ஜிஎஸ்டி இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். சின்னக் கடைகளுக்கு அது கட்டாயமில்லை.

[திரையில்: உரிமத்தின் நான்கு வரிகள் பெரிதாக]

இப்போது போட்டோ. பெயர், கதவு எண், தொழில், எந்தத் தேதி வரை செல்லும். இந்த நான்கையும் உரிம எண்ணோடு குறித்துக்கொண்டு நகராட்சியின் பொதுச் சுகாதாரப் பிரிவில் கேளுங்க. தொழில் உரிமக் கோப்பு அங்கேதான் இருக்கும். வாய்மொழியாகச் சொல்லத் தயங்கினால், 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு கொடுக்கலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, ஆகவே கல்யாணத் தேதியைப் பார்த்துக்குங்க!

நம்ம உதாரணத்தில் கதவு எண் சரி, தேதியும் சரி. ஆனால் தொழில் என்ற இடத்தில் 'தேயிலை, மசாலா சில்லறை விற்பனை' என்று இருக்கிறது. சாக்லேட் எங்கே செய்கிறார்கள்? டப்பாவைத் திருப்பினால் தயாரித்த இடம் வில்பட்டி.

மலையில் பலரும் தடுக்குவது இங்கேதான். தபால் முகவரியில் 'கொடைக்கானல்' என்று இருக்கும். இடமோ வில்பட்டி ஊராட்சி. நகராட்சிப் பதிவேட்டில் அந்தச் சமையல்கூடம் வரவே வராது. அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டிடாதீங்க. ஊராட்சி அலுவலகத்தில் செயலரைக் கேட்கணும்.

அப்புறம் பெயர். உரிமத்தில் இருப்பது அப்பா பெயர். பணம் கேட்பது மகன். அப்பா இன்னும் கடையைப் பார்க்கிறாரா, இல்லை காலமாகிவிட்டாரா? காலமாகியிருந்தால் உரிமம் தானாக மகனுக்கு வந்துவிடாது. பெயர் மாற்றத்துக்கு மகன் எழுதிக் கொடுத்தாரா என்று கேளுங்க. அதுவரை முன்பணத்தைக் கையில் வைத்திருங்க. பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அதே போன் பேச்சில் கேட்டுடலாம்.