கிருமியில்லாத வயிற்றுப்போக்கு

நேயர்களுக்கு வணக்கம். வயிற்றுப்போக்கு வந்தால் நேற்று என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பதே நம் வழக்கம். புற்றுநோய்க்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை பெறுபவர்கள் அந்த யோசனையோடு நின்றுவிடக் கூடாது என்பதை ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்காக இபிலிமுமாப், நிவோலுமாப் என்ற இரு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றுவந்த ஒரு பெண்மணிக்கு, ஏழாவது வாரத்தில் வயிறு கெட்டது. வழக்கமாக நாளுக்கு ஒரு முறை மலம் கழிப்பவர் ஒன்பது முறை போனார். உணவுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி, போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையை நான்கு நாள் விழுங்கிவிட்டு, ஐந்தாம் நாள்தான் எங்களிடம் வந்தார். இந்த எண்ணிக்கையை நான் திரும்பத் திரும்பக் கேட்பேன், நோயாளிகள் சிரிப்பார்கள். ஆனால் வழக்கத்தைவிட நான்கு முதல் ஆறு முறை கூடினால் நடுத்தரம், ஏழும் அதற்கு மேலும் கூடினால் கடுமை. அவருக்கு எட்டு கூடியிருந்தது. மாத்திரையோ போக்கை மறைத்ததே தவிர, குடலில் இருந்த அழற்சியைத் தொடவில்லை.

நோயை எதிர்க்கும் நம் உடலின் டி அணுக்கள் வரம்பு மீறாதிருக்க இயற்கை சில தடைகளை வைத்திருக்கிறது. இம்மருந்துகள் அத்தடைகளை விலக்குவதால் அணுக்கள் புற்றுநோயைத் தாக்குகின்றன. சிலருக்குப் பெருங்குடலின் உட்சுவரையும் தாக்கிவிடுகின்றன. புண்பட்ட குடலால் நீரை உறிஞ்ச இயலாது.

தொற்றா, அழற்சியா என்பதை அறிகுறிகளைக் கொண்டு மட்டும் பிரிக்க முடியாது. வயிற்றுவலி, இரத்தம், காய்ச்சல் ஆகியவை இரண்டிலும் வரலாம். மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதமும் இரண்டிலும் உயரும். ஆகவே மலத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் உள்ளிட்ட கிருமிகளைத் தேடினோம், ஒன்றும் இல்லை. பிறகு குழாய்க் கருவியால் குடலைப் பார்த்து, சிறு துண்டு எடுத்துச் சோதித்தோம். கண்ணுக்குச் சுவர் நன்றாகத் தெரிந்தாலும் துண்டெடுக்க வேண்டும், ஏனெனில் அழற்சி சில வேளை நுண்ணோக்கியில்தான் புலப்படும்.

கிருமியைக் கொல்லும் மருந்துக்கு இங்கே வேலையில்லை. கட்டுமீறிய அணுக்களை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு அதைத்தான் செய்கிறது. கடுமையான நிலையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 2 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். அவர் எடை 60 கிலோ; நாளுக்கு 60 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை இரத்தக்குழாய் வழியே தொடங்கினோம். மூன்றாம் நாள் ஒன்பது நான்கானது. வீடு திரும்பியவர், குணமாகிவிட்டது என்று இரண்டாம் வாரத்தில் மாத்திரைகளைத் தாமே நிறுத்த, போக்கு திரும்பிவந்தது. நான்கு முதல் ஆறு வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. மறுமுறை அப்படியே குறைத்தோம்; போக்கு வரவில்லை.

நேரம் முடிந்ததாகச் சைகை காட்டுகிறார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்: மூன்று முதல் ஐந்து நாள்களில் ஸ்டீராய்டு பலன் தராவிட்டால் அழற்சியை அடக்கும் வேறு மருந்துகளான இன்ஃப்ளிக்ஸிமாப் அல்லது வெடோலிஸுமாப் கொடுப்போம். இன்ஃப்ளிக்ஸிமாபுக்கு முன் காசநோயும் ஹெபடைடிஸ் பி தொற்றும் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். நன்றி, வணக்கம்.