கோலத்தில் வைக்கும் பூசணிப் பூ ஆணா, பெண்ணா? தேனீ நாடகத்தோடு ஒரு பூப் பாடம்

[காட்சி: மார்கழிக் கோலம், நடுவில் சாணி உருண்டை, அதன்மேல் மஞ்சள் பூ]

மார்கழி மாதம் வாசலில் பூசணிப் பூ வைக்கிறோம். அது ஆண் பூவா, பெண் பூவா? வீடியோவைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நான் ஆறாம் வகுப்பில் கேட்டபோது நாற்பது பேரும் சிரித்தார்கள். "சார், பூவில் எப்படி சார் ஆண், பெண்?" என்றான் ஒருவன். அந்தக் கேள்விதான் இன்றைய பாடம்.

வணக்கம். பூவின் பாகங்களையும் மகரந்தச் சேர்க்கையையும் நிஜப் பூ, படம், நாடகம் மூன்றையும் வைத்து நடத்துவது எப்படி என்று இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். ஆசிரியர்களுக்கும் வீட்டில் பிள்ளைகளோடு உட்காருகிறவர்களுக்கும்தான் இது. பரீட்சைக்கு மூன்று மதிப்பெண் விடை தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், அது கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

[காட்சி: மேஜையில் ஒற்றை அடுக்குச் செம்பருத்தி]

முதலில் செம்பருத்தி. எல்லாப் பள்ளியிலும் இதில்தான் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான். முதல் வருடம் அழகாக இருக்கிறதே என்று அடுக்குச் செம்பருத்தியைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டேன். அதில் மகரந்தத்தாள்களில் பெரும்பாலானவை இதழாக மாறிவிட்டிருக்கும். பிள்ளைகள் இதழ் இதழாகப் பிய்த்துக்கொண்டே போனார்கள், கடைசிவரை எதுவும் கிடைக்கவில்லை. அதனால் ஐந்தே இதழ் இருக்கும் சாதாரணச் செம்பருத்திதான் வேண்டும்.

வெளியே பச்சையாக இருப்பது புல்லி வட்டம். அதற்கும் கீழே குட்டி இலைகள் மாதிரி இன்னொரு வட்டம் இருக்கும், அது புறப்புல்லி வட்டம். சிவப்பு இதழ்கள் அல்லி வட்டம். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழல் மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உண்டானது. அதன்மேல் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிபவை மகரந்தப் பைகள். குழலின் நுனியில் ஐந்து சிவப்பு வெல்வெட் பொட்டு இருக்கிறதே, அவைதான் சூலகமுடிகள். ஆசிரியர் ஒரு குண்டூசியால் அந்தக் குழலை நீளவாக்கில் மெதுவாகக் கீறிக் காட்டினால், உள்ளே வெள்ளை நூல் மாதிரி சூலகத்தண்டு ஓடும். அதைப் பிடித்துக்கொண்டே கீழே போனால் சூற்பை.

[காட்சி: வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுதல்]

இந்த இடத்தில் வெண்டைக்காயை எடுக்காமல் என்னால் இருக்க முடியாது. செம்பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம். வெண்டைப் பூவைப் பாருங்கள், செம்பருத்தியின் தம்பி மஞ்சள் சட்டை போட்டு வந்த மாதிரி இருக்கும். இப்போது வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுகிறேன். உள்ளே ஐந்து அறை, ஒவ்வொரு அறையிலும் வெள்ளை மணிகள். சில காயில் அறை கூடுதலாகவும் இருக்கும். செம்பருத்தியின் சூற்பையிலும் இதே மாதிரி ஐந்து அறைதான், ஆனால் சின்னதாக இருப்பதால் கண்ணுக்குப் பிடிபடாது. பூவில் இருந்த சூற்பைதான் காய், சூல்கள்தான் விதை. இதைக் கரும்பலகையில் பத்து தடவை எழுதிப் போட்டிருக்கிறேன், வெண்டைக்காய் வெட்டிய அன்றுதான் "ஓ!" என்று ஒரு சத்தம் வந்தது. (இப்போது உங்களுக்கும் அந்த "ஓ" வந்திருந்தால் ஒரு லைக் போடுங்கள்.)

சரி, படம். ஒரே ஒரு விதிதான்: புத்தகத்தை மூடிவிட்டு வரைய வேண்டும். புத்தகம் திறந்திருந்தால் கையில் செம்பருத்தியை வைத்துக்கொண்டே புத்தகத்துப் பூவை வரைவார்கள். தனித்தனியாக ஆறு மகரந்தத்தாள் இருந்தால் அது பார்த்து எழுதியது, குழல் இருந்தால் பூவைப் பார்த்தது. பெயர்களைப் படத்துக்கு வெளியே, ஒன்றையொன்று வெட்டாத கோடு போட்டு எழுதட்டும். அவ்வளவுதான்.

இப்போது ஒரு சிக்கல். செம்பருத்தியைக் காட்டி முடித்த கையோடு, "இப்போது தேனீ வந்து மகரந்தத்தை எடுத்துப் போகும்" என்று பல வகுப்புகளில் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், தப்பு என்னுடையதும்தான். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு நமக்குத் தெரிகிற மாதிரி பளிச்சென்று தெரியாது. தேனீக்கு நிறம் தெரியும் என்று 1914-இல் சோதனை செய்து காட்டிய கார்ல் ஃபான் ஃபிரிஷ், சிவப்பை மட்டும் அது கறுப்போடு குழப்பிக்கொள்கிறது என்பதையும் கண்டார். சிவப்பு நிறம், மணமே இல்லாத பூ, நிறையத் தேன், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழல் எல்லாம் பறவைக்கு வைத்த விருந்து. நம் ஊரில் தேன்சிட்டு வரும். அதிலும் ஒரு திருட்டு உண்டு: பல சமயம் அது முன்வாசல் வழியாகவே வராது, பூவின் அடியில் அலகால் குத்தித் தேனைக் குடித்துவிட்டுப் பறந்துவிடும். மகரந்தம் ஒட்டவே ஒட்டாது. தேனீ செம்பருத்திப் பக்கம் தலைவைத்தே படுக்காது என்று சொல்லவில்லை. ஆனால் தேனீ நாடகத்துக்கு இது சரியான பூ இல்லை.

சரியான பூ எது? கோலத்துக்கே வருவோம்.

[காட்சி: இரண்டு பூசணிப் பூக்கள் பக்கத்தில் பக்கத்தில்]

நான் சொல்வது சமையலுக்கு வாங்கும் மஞ்சள் பூசணி. சிலருக்கு அது பரங்கி, கொங்குப் பக்கம் அரசாணி. இதில் ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இரண்டையும் திருப்பிப் பிடியுங்கள். ஒன்றுக்குக் கீழே நீளமான மெல்லிய காம்பு மட்டும் இருக்கும், அது ஆண். இன்னொன்றுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிப் பூசணி உட்கார்ந்திருக்கும், அது பெண். அந்தக் குட்டிதான் சூற்பை. செம்பருத்தியில் இதழுக்கு உள்ளே இருந்த சூற்பை இங்கே இதழுக்குக் கீழே வந்துவிட்டது. ஆண் பூவுக்குள் மகரந்தத்தாள்கள் சேர்ந்து ஒரு விரல் மாதிரி நிற்கும், பெண் பூவுக்குள் மூன்று கொத்தாகப் பிசுபிசுப்பான சூலகமுடி இருக்கும்.

கோலத்துக்கு எது என்று இப்போது நீங்களே சொல்வீர்கள். காயாகப் போகிற பூவை எந்தப் பாட்டி பறிக்க விடுவாள்? கொடி வைத்திருக்கிறவர்கள் காம்பு நீண்ட ஆண் பூவைத்தான் பறிப்பார்கள். ஆண் பூதான் முதலில் பூக்கத் தொடங்கும், எண்ணிக்கையிலும் அதுதான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. பூசணிப் பூ விடியலில் திறந்து உச்சிவெயிலுக்குள் மூடிக்கொள்ளும். ஒருமுறை பூவை அப்படியே மேஜையில் போட்டு வைத்தேன். நாலாவது பீரியடுக்குள் குடையைச் சுருக்கிய மாதிரி சுருண்டுவிட்டது. காலையில் காம்போடு பறித்து, தம்ளர் தண்ணீரில் நிறுத்தி, முதல் பீரியடிலேயே நடத்திவிடுங்கள்.

[காட்சி: காகித இதழ் ஒட்டிய பிளாஸ்டிக் மக்குகள், கையில் கம்பளிக் காலுறை மாட்டிய பிள்ளைகள்]

இப்போது நாடகம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீட்டுவேன்.

முதல் தடவை நான் நடத்தியது படுதோல்வி. "நீ தேனீ, இந்தப் பூவிலிருந்து பொடியை எடுத்து அந்தப் பூவில் போடு" என்று சொன்னேன். பிள்ளைகள் கூரியர்காரர் மாதிரி பொடியைக் கையில் அள்ளிக்கொண்டு ஓடிப் போய்க் கொட்டினார்கள். பிறகு கேட்டால், "தேனீ பூவுக்கு உதவி செய்கிறது சார்" என்றார்கள். அப்படி இல்லையே! தேனீக்கு மகரந்தச் சேர்க்கை என்றால் என்னவென்றே தெரியாது. அது வந்தது சாப்பாட்டுக்கு.

அதனால் அடுத்த முறை தேனீக்களிடம் பொடியைப் பற்றி மூச்சே விடவில்லை. எட்டு மக்குகளை எட்டுப் பூவாக்கினோம். ஆறு ஆண், இரண்டு பெண். ஒவ்வொரு மக்கின் அடியிலும் சில புளியங்கொட்டைகள் போட்டோம், அதுதான் தேன். ஆண் மக்கின் உள்சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டி மஞ்சள் கோலப்பொடி தடவினோம். பெண் மக்கின் உள்சுவரில் இருபக்கமும் ஒட்டும் டேப் மட்டும். ஐந்து பேர் தேனீ, கையில் கம்பளிக் காலுறை. பருத்தித் துணியை விடக் கம்பளியில் பொடி நன்றாகப் பிடிக்கும், தேனீயின் உடம்பு முடி மாதிரி. அவர்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "நாலு பூவுக்குப் போ, பூவுக்கு ஒரு கொட்டை எடு, கூட்டுக்குத் திரும்பி வா."

ஐந்து பேரும் ஓடிவிட்டு வந்தார்கள். பெண் மக்குகளைத் திருப்பிப் பார்த்தோம். ஒன்றில் டேப் முழுக்க மஞ்சள். இன்னொன்று சுத்தமாக வெறுமை. இரண்டு தேனீ அதற்குள் கைவிட்டிருக்கின்றன, இரண்டு கொட்டை குறைந்திருக்கிறது, ஆனால் பொடி இல்லை! ஏன்?

இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடாதீர்கள், ஐந்து நிமிடம் சண்டை போடட்டும். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "அந்த ரெண்டு பேரும் கூட்டிலிருந்து நேரா இதுக்குத்தான் சார் போனாங்க, அப்போ கை சுத்தமா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். தேனீ வந்தால் போதாது, முன்னால் ஆண் பூவில் புரண்டுவிட்டு வர வேண்டும்.

நாடகத்தில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நிஜத் தேனீ மகரந்தத்தில் பெரும்பங்கைத் தேனோடு பிசைந்து பின்னங்கால் கூடையில் உருண்டையாக அடைத்துக் கூட்டுக்குக் கொண்டுபோய்விடும், அது அதன் புழுக்களுக்குச் சாப்பாடு. கூடைக்குள் போனது பூவுக்கு உதவாது. உடம்பு முடியில் துடைக்காமல் மிச்சம் ஒட்டியிருக்கிறதே, அதுதான் அடுத்த பூவுக்குப் போகும். நம் காலுறையில் கூடை கிடையாது.

ஒட்டிய பிறகு மகரந்தத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வளர்ந்து சூல்வரை போகும், அங்கே நடப்பது கருவுறுதல். அதற்கு அடுத்த வீடியோ.

இதெல்லாம் உண்மைதானா என்று கொடியிலேயே சோதிக்கலாம். மறுநாள் விரியப் போகிற பெண் மொட்டு நுனியில் மஞ்சள் ஏறியிருக்கும். மாலையில் அப்படி இரண்டு மொட்டுகளைத் தேர்ந்து, இரண்டின்மேலும் மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். காலையில் ஒன்றைத் திறந்து, அன்று விரிந்த ஆண் பூ ஒன்றின் இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் விரல் மாதிரி நிற்கும் பாகத்தால் மூன்று சூலகமுடிகளிலும் நன்றாகத் தடவி, மறுபடி கட்டுங்கள். மற்றதைத் தொடவே வேண்டாம். எங்கள் பள்ளி வேலியில் செய்தோம். தொடாத பிஞ்சு சில நாளில் மஞ்சளாகி, வெம்பி, உதிர்ந்துவிட்டது. தடவியது பருத்துக்கொண்டே போனது. தடவிவிட்டவன் தினமும் இடைவேளையில் போய்ப் பார்ப்பான்.

அந்தக் காய் கடைசியில் சத்துணவுச் சாம்பாரில் விழுந்தது. "இது நான் தேனீயா இருந்தப்போ வந்த காய்" என்று சொல்லி, அவன் மட்டும் இரண்டு துண்டு கூடுதலாக வாங்கிக்கொண்டான்.