பாஸ்டன் பெரணி கருகி உதிர்வது ஏன்? இலையை நனைக்காமல் ஈரப்பதம் கூட்டுவது எப்படி?

கேள்வி: அக்கா, வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்த பாஸ்டன் பெரணியை ஹாலில் ஏசிக்கு எதிரே தொங்கவிட்டிருக்கிறேன். தினமும் மூன்று முறை இலைகளில் தண்ணீர் தெளிக்கிறேன். ஆனாலும் நுனி எல்லாம் பழுப்பாகிக் கருகுகிறது, தரை முழுக்கச் சின்னச் சின்ன இலையாக உதிர்ந்து கிடக்கிறது. இன்னும் எத்தனை முறை தெளிக்க வேண்டும்?

பதில்: தெளிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஏன் என்பதைச் செடியை வைத்தே காட்டுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு வகைச் சேதம் தெரிகிறது. ஒன்று, கீற்றின் நுனியும் சிற்றிலைகளின் ஓரமும் காய்ந்து மொறுமொறுவென்று ஆகியிருப்பது. இன்னொன்று, சில கீற்றுகளில் சிற்றிலையே இல்லாமல் வெறும் ஈர்க்கு மட்டும் வளைந்து நிற்பது. முதலாவதற்குக் காற்றையோ தண்ணீரில் உள்ள உப்பையோ சந்தேகப்படலாம். இரண்டாவது பெரும்பாலும் வேர் காய்ந்ததால் வருவது.

இதோ, என் செடியிலிருந்து ஒரு கீற்றைக் கேமராவுக்கு அருகில் கொண்டு வருகிறேன். நடு ஈர்க்கில் சிற்றிலை வந்து சேரும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே ஒரு மெல்லிய மூட்டு இருக்கிறது. பாஸ்டன் பெரணி சேர்ந்த நெஃப்ரோலெபிஸ் பேரினத்துக்கு இது ஓர் அடையாளம். வேருக்குத் தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் செடி அந்த மூட்டிலேயே சிற்றிலையைக் கழற்றிவிடும். அதனால்தான் கையால் ஒரு தடவு தடவினால் பொலபொலவென்று கொட்டுகிறது. தொட்டி ஒரே ஒரு முறை முழுக்கக் காய்ந்தால்கூடப் போதும், அடுத்த சில நாட்களுக்கு உதிர்வு நிற்காது.

மூன்று வேளை தெளித்தும் வேர் எப்படிக் காயும் என்று கேட்பீர்கள். அந்தத் தெளிப்புதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. மேல்மண் எப்போதும் நனைந்தே இருப்பதால், தொட்டியில் ஈரம் இருக்கிறது என்று எண்ணித் தண்ணீர் ஊற்றுவதைக் குறைத்திருப்பீர்கள். நர்சரித் தொட்டிகளில் வேர் நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும். அந்த வேர்ப்பந்து காய்ந்தால் சுருங்கி, தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். பிறகு நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாகவே இறங்கிக் கீழே வந்துவிடும். தண்ணீர் துளைவழியே வருகிறது என்று நமக்குத் திருப்தி; நடுவேரோ வறண்டு கிடக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் நடுவில் ஆழமாகக் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். குச்சி உலர்ந்து வந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. தொட்டியைத் தூக்கினாலும் தெரியும், அதன் அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருக்கும். அப்படியானால் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை முக்கி வையுங்கள். குமிழி வருவது நிற்கும் வரை, சுமார் அரை மணி நேரம். எடுத்து நன்றாக வடியவிட்டு, அந்த எடையைக் கையால் ஒரு முறை உணர்ந்துகொள்ளுங்கள். இனி மேல்மண் தொட்டுப் பார்க்க உலரத் தொடங்கும்போது, தொட்டி பாதி எடைக்கு இறங்கும் முன்பே தண்ணீர் ஊற்ற வேண்டும். கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். ஏசி ஓடும் நாளுக்கும் மழை நாளுக்கும் தேவை ஒன்றல்ல.

குச்சி ஈரமாக வந்து, மண்ணில் புளித்த வாடையும் அடித்து, கீற்றுகள் மஞ்சளாகித் துவண்டால் கதை வேறு, அது வேரழுகல். அதை வாளியில் முக்கினால் செடி போய்விடும். உங்கள் படத்தில் அந்தத் துவளல் இல்லை.

அடுத்தது காற்று. சென்னையில் ஈரப்பதத்துக்கா பஞ்சம் என்று தோன்றும். கோடையில் கடல்காற்று நுழையும்வரை வீசும் மேல்காற்றை விட்டால், ஆண்டின் பெரும்பகுதி நம் வெளிக்காற்று பெரணிக்குப் போதுமான ஈரத்தோடுதான் இருக்கிறது. வறட்சி உங்கள் ஹாலுக்குள் மட்டும்தான். ஏசியின் குளிர்ந்த சுருள்குழாயில் காற்றில் இருக்கும் நீராவி படிந்து, சொட்டாகி, வெளியே குழாய் வழியாகப் போகிறது. பால்கனியில் பக்கெட் வைத்துப் பிடிக்கிறோமே, அது அறையிலிருந்து உருவிய ஈரம். பெரணிக்கு ஐம்பது சதவீதத்துக்குக் குறையாமல், முடிந்தால் அறுபதை ஒட்டி ஒப்பு ஈரப்பதம் வேண்டும். ஏசி நீண்ட நேரம் ஓடும் அறை அதற்குக் கீழே போய்விடலாம். போதாததற்கு அந்தக் காற்று நேராகக் கீற்றில் அடித்தால், இலையை ஒட்டி நிற்கும் மெல்லிய ஈரப் படலம் கலைந்துகொண்டே இருக்கும். வேர் அனுப்புவதைவிட வேகமாக இலை தண்ணீரை இழக்கும். முதலில் காய்வது நுனி.

தெளிப்பு இதற்கு ஏன் உதவாது என்றால், நீங்கள் தெளித்த துளிகள் உலரும்வரை, அதாவது சில நிமிடங்களுக்கு மட்டுமே, அந்த இடத்தில் ஈரம் கூடுகிறது. பிறகு பழைய நிலை. மாறாக, நெருக்கமான கீற்றுகளின் உட்புறம் இரவு முழுக்க நனைந்தே இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ரைசோக்டோனியா என்ற பூஞ்சை பாஸ்டன் பெரணியின் நடுப்பகுதியைக் கரும்பழுப்பாக்கி, கீற்றுகளைச் சிலந்தி வலை போன்ற இழைகளால் ஒட்டவைத்துவிடும். வறட்சியால் வரும் பழுப்பு மொறுமொறுப்பாக நுனியில் தொடங்கும். இது ஈரக் கொழகொழப்போடு நடுவில் தொடங்கும். விரலால் கீற்றுகளை விலக்கி உள்ளே பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

சரி, இலையை நனைக்காமல் ஈரத்தைக் கூட்டுவது எப்படி? என் முதல் யோசனைக்குச் செலவே இல்லை. ஏசி இல்லாத அறைக்கு மாற்றுங்கள். நேர்வெயில் படாத, வெளிச்சம் உள்ள வடக்குப் பார்த்த பால்கனி இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. வெளிச்சமான ஜன்னல் உள்ள குளியலறையும் நன்று. அதை விட்டு ஏசிக்கு எதிரிலேயே வைத்துக்கொண்டு ஈரமூட்டிக் கருவி வாங்குவது, ஒரு கையால் இறைத்து மறு கையால் கொட்டுவதற்குச் சமம். ஈரமூட்டி காற்றில் விடும் தண்ணீரை ஏசி உருவி வெளிக்குழாயில் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஹாலில்தான் இருக்க வேண்டும் என்றால், ஏசிக் காற்று படாத மூலைக்கு இறக்குங்கள். இப்போதிருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை, அதைவிட இரண்டு அங்குலம் அகலமான சுடுமண் தொட்டிக்குள் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை நிரப்புங்கள். அது உலரும்போதெல்லாம் அந்த இடைவெளியில் மட்டும் தண்ணீர் விட்டால் போதும். நார் ஈரம் விடும், சுடுமண் சுவரும் கசியும்; ஈரம் கீற்றுகளுக்கு அடியிலிருந்தே எழும், இலை நனையாது. வெளித் தொட்டியிலும் துளை இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் நீர் தேங்கிவிடும். பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று இலைச் செடிகளைக் கூட்டமாக வைத்தால் பலன் சற்றுக் கூடும்.

கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல் தொட்டியை வைப்பது பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். வைக்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தட்டுக்கு மேல் சிறிது உயரம் போனாலே அந்த ஈரம் அறைக் காற்றில் கலந்துவிடும். தொங்கும் தொட்டிக்கு அது பயனே இல்லை. வைத்தால் தண்ணீர் கல்லின் மேற்பரப்புக்குக் கீழே நிற்க வேண்டும், தொட்டியின் அடி அதில் தொடக்கூடாது. வாரம் ஒரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படிப்பட்ட தட்டுத் தண்ணீரே போதும்.

ஈரமூட்டி வாங்குவதென்றால், கூடவே ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானியும் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். அதைக் கீற்றுகளின் உயரத்தில், ஆனால் ஈரமூட்டியின் நீர்ப்புகை நேராகப் படாத பக்கத்தில் வையுங்கள். ஈரமூட்டியைச் செடியிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, வாய் வேறு திசையைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். இலையில் துளி படிந்தால் இன்னும் நகர்த்துங்கள். மானி ஐம்பத்தைந்தைத் தொட்டால் போதும். எழுபதுக்குக் கொண்டுபோனால் செடி மகிழும், சுவர் பூசணம் பிடிக்கும். போர்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு வெள்ளைத் தூளாக மேசையிலும் இலையிலும் படியும், ஆகவே ஆர்ஓ தண்ணீர் நல்லது.

உப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. படத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஒரு படிவம் தெரிகிறதே, அது போர்த் தண்ணீரின் வேலை. நுனி கருகுவதில் அதற்கும் பங்குண்டு. காற்றை எவ்வளவு சரிசெய்தாலும் இது இருந்தால் புது நுனியும் கருகும். மாதம் ஒரு முறை, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு உப்புக் குறைந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் மிகவும் நல்லது. ஏசி பக்கெட்டில் சேரும் தண்ணீரிலும் உப்பு மிகக் குறைவு, மண்ணுக்கு ஊற்றலாம். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை மட்டும் மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரணிக்கு ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது.

பழுப்பான நுனி மறுபடி பச்சையாகாது. வெறும் ஈர்க்காக நிற்பவற்றை அடியோடு நறுக்கிவிடுங்கள். பாதிக்குமேல் பச்சை இருப்பவற்றை இப்போதைக்கு விட்டுவையுங்கள். உரம் வேண்டாம். நடுவில் சுருண்ட புதுக் குருத்துகள் எழுந்து விரிந்த பிறகு, பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு கொடுத்தால் போதும். அந்தக் குருத்துகளின் நுனி கருகாமல் விரிந்தால் காற்றும் தண்ணீரும் சரியாகிவிட்டன என்று பொருள். பழைய கீற்றுகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

கீற்றின் அடிப்பக்கத்தில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள், அவை வித்துத் தொகுதிகள். தாறுமாறாக ஈர்க்கிலும் ஒட்டியிருந்து, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால்தான் செதில் பூச்சி.

தொட்டியின் ஓரத்தில் மயிர் போன்ற மெல்லிய கொடிகள் தொங்குவதையும் காய்ந்த வேர் என்று வெட்டிவிடாதீர்கள். அவை ஓடுதண்டுகள். ஒன்றைப் பிடித்து, ஈரமான தென்னை நார்க்கழிவு நிரப்பிய சிறு கிண்ணத்தின் மேல் படியும்படி ஒரு வளைந்த கம்பியால் குத்திவையுங்கள். அது மண்ணைத் தொட்ட இடத்தில் புதுக் கன்று கிளம்பும். அதற்கே சொந்தமாக இரண்டு மூன்று கீற்றுகள் வந்த பிறகு தாய்ச் செடியிலிருந்து அறுத்துக்கொள்ளலாம். படத்தில் வலப்பக்கம் அப்படி இரண்டு கொடிகள் தொங்குகின்றன.