கர்ப்ப காலத்தில் மங்கும் பருவும்: மெடிக்கலில் வாங்கிய கிரீமைப் போடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு இது ஐந்தாவது மாதம். கன்னத்தில் மங்கு, தாடையில் பரு. மெடிக்கலில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிப் பத்து நாளாகப் போடுகிறேன். முகம் நன்றாகத் தெளிந்திருக்கிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு இதனால் ஏதாவது ஆகுமா? பால் கொடுக்கும்போது போடலாமா?

பதில்: அந்த ட்யூபைக் கொஞ்சம் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், அம்மா. பின்பக்கம் பொடி எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டிருப்பார்கள். மங்குக்கு என்று கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற கிரீம்களில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும்: ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். பத்தே நாளில் முகம் தெளிந்தது என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையதும் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதே சமயம் பயப்படவும் வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ட்ரெட்டினாயின். இது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. இதே குடும்பத்தில் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இருக்கிறது. கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் குழந்தையின் இதயம், மூளை, காது எல்லாம் பாதிக்கப்படலாம். அந்தப் பயம்தான் கிரீமின் மேலும் விழுகிறது. ஆனால் முகத்தில் தடவும் ட்ரெட்டினாயினிலிருந்து ரத்தத்தில் சேர்வது மிகமிகக் கொஞ்சம். கர்ப்பம் என்று தெரியாமல் முதல் மூன்று மாதத்தில் இந்த மாதிரி கிரீம் போட்ட 600க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்து 2015ல் ஓர் ஆய்வு வந்தது. போடாதவர்களோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. பயத்தில் கர்ப்பத்தையே கலைத்துவிடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. ஆனாலும் முழுக்கப் பாதுகாப்பு என்று அடித்துச் சொல்ல அந்தத் தகவல் போதாது. தெரிந்த பிறகு தொடரக்கூடாது. அடாபலின் ஜெல்லுக்கும் இதே பேச்சுதான். டாசரோட்டின் என்று இருந்தால் தொடவே வேண்டாம்.

ஹைட்ரோகுயினோன் நிறத்தைக் குறைக்கும் மருந்து. பொதுவாகத் தோலில் தடவும் மருந்து கொஞ்சம்தான் உள்ளே போகும். இது அப்படி இல்லை, தடவியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலேயே உள்ளே போய்விடுகிறது. அதனால் குழந்தைக்குக் குறை வந்ததாக நிரூபணம் இல்லை. ஆனால் மங்கு உயிருக்கு ஆபத்தான நோயா? பிரசவம் வரைக்கும் தாராளமாகப் பொறுக்கலாம். அதற்காக இவ்வளவு உள்ளே போகிற மருந்தை ஏன் போட வேண்டும்?

மூன்றாவது மொமெட்டசோன், வீரியமான ஸ்டீராய்டு. இவ்வளவு சீக்கிரம் முகம் பளிச்சென்று ஆனதற்குப் பெரும்பங்கு காரணம் இதுதான். கர்ப்ப காலம் முழுக்கச் சேர்த்து 300 கிராமுக்கு மேல் வீரியமான ஸ்டீராய்டு தடவியவர்களுக்குக் குழந்தையின் எடை குறைவதோடு தொடர்பு தெரிகிறது. 15 கிராம் ட்யூப் கணக்கில் அது 20 ட்யூப். நீங்கள் பத்து நாளில் ஒரு ட்யூபைக்கூட முடித்திருக்க மாட்டீர்கள். குழந்தையைவிட உங்கள் முகத்துக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, முகத்தில் முடி வளர்ந்து, கிரீம் இல்லாமல் இருக்கவே முடியாத நிலை வந்துவிடும். நிறுத்திய சில நாளில் எரிச்சலும் சிவப்பும் பொடிப்பொடியாகப் பருவும் கிளம்பினால், கிரீமை நிறுத்தியது தப்பு என்று நினைத்துத் திரும்பத் தடவாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீரியம் குறைந்த ஒன்றுக்கு மாற்றி, படிப்படியாக நிறுத்திவிடுவார்.

சரி, இதற்குப் பதில் என்ன போடலாம்? உங்களுக்கு நான் முதலில் சொல்வது அசெலாயிக் அமிலம். 10 சதவீதத்திலும் 20 சதவீதத்திலும் கிடைக்கிறது. பரு, மங்கு இரண்டுக்குமே கேட்கும், கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் போடலாம். கோதுமையிலும் பார்லியிலும் இயற்கையாகவே இருக்கிற பொருள்தான் இது. தடவியதில் நூற்றில் நாலு பங்கு அளவுதான் உள்ளே போகிறது. 10 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். தடவியதும் கொஞ்ச நேரம் சுரீர் என்று அரிக்கும். அது அடங்கிவிடும், அலர்ஜி இல்லை. மறுநாளும் சிவந்து தடித்திருந்தால் மட்டும் நிறுத்துங்கள். பழைய கிரீம் மாதிரி பத்து நாளில் பலன் தெரியாது. பருவுக்கு ஆறு, எட்டு வாரம் ஆகும். மங்குக்கு மூன்று மாதமாவது கொடுக்க வேண்டும். பலரும் ஒரு மாதத்தில் வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி மெடிக்கலுக்குப் போய் நிற்கிறார்கள். எனக்கு மனது கஷ்டமாக இருப்பது அங்கேதான்.

சிவந்து சீழ் கட்டிய பரு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் வைக்கலாம். தலையணை உறை வெளுத்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். கிளிண்டாமைசின் ஜெல்லும் போடலாம். ஆனால் அதை மட்டும் தனியாகப் போட்டால் கிருமிக்குப் பழகிப்போகும், பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் போட வேண்டும். சாலிசிலிக் அமிலம் 2 சதவீதத்துக்குள் உள்ள ஃபேஸ்வாஷ் பரவாயில்லை. பார்லரில் செய்யும் வீரியமான சாலிசிலிக் பீல் வேண்டாம்.

மங்குக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியம் சன்ஸ்கிரீன். ஜிங்க் ஆக்சைடு உள்ளதாக, முடிந்தால் தோல் நிறம் சேர்த்த வகையாக வாங்குங்கள். அந்த நிறத்துக்குக் காரணம் அயர்ன் ஆக்சைடு. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதை வெள்ளை சன்ஸ்கிரீன் சரியாகத் தடுக்காது. எலுமிச்சம்பழம் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், தோல் புண்ணாகி இன்னும் கறுக்கும்.

இன்னொன்று. உங்கள் ட்யூபில் என்ன சேர்ந்திருக்கிறது, யார் தயாரித்தார்கள் என்று ஒன்றுமே இல்லை என்றால், நான் இதுவரை சொன்ன ஆறுதல் எதுவும் அதற்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். கேரளாவில் மலப்புரம் பக்கம் இவற்றைப் போட்டவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் பிள்ளைக்குப் போகும். அதைப் போட்டிருந்தால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு இதே அசெலாயிக், பென்சாயில் பெராக்சைடு, சன்ஸ்கிரீனைத் தொடரலாம். அடாபலின், ட்ரெட்டினாயின் கிரீமிலிருந்து பாலில் சேர்வது மிகக் குறைவாகத்தான் இருக்கும் என்பதால் தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லி இரவில் முகத்துக்கு மட்டும் போடலாம். கழுத்து, மார்பு வேண்டாம், பால் குடிக்கும்போது குழந்தையின் கன்னம் படுகிற இடம் அது. ஹைட்ரோகுயினோனைப் பால் மறக்கும் வரை தள்ளிப்போடுங்கள். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை அப்போதும் கூடாது. பலருக்குப் பிரசவமான சில மாதங்களில் மங்கு தானாகவே வெளுத்துவிடும். அப்படி வெளுக்கும்போது கருத்தடை மாத்திரை ஆரம்பித்தால் மறுபடி கறுக்க வாய்ப்பிருக்கிறது. அதனால் கருத்தடை பற்றிப் பேசும்போது, எனக்கு மங்கு இருக்கிறது, காப்பர் டி போடலாமா என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.